மைண்ட் மேப் ஸ்லைடு சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பவர்பாயின்ட்டில் நடுவில் ஒரு தலைப்பு, இரண்டு பக்கமும் கிளைகள், கிளை நுனிகளில் குறிப்புகள் என்று ஒரு மைண்ட் மேப் வரைகிறீர்கள். முதல் நான்கு பெட்டி வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். அப்புறம் ஒரு கோடு கழன்று நிற்கும், ஒரு கோடு இன்னொன்றைக் குறுக்கே வெட்டும், கடைசி கிளைக்கு இடமே இருக்காது. உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, ஒளிச்சேர்க்கை பாடத்தைத் தேர்வுக்கு முன் திருப்பிப் பார்ப்பதற்கான ஒரு ஸ்லைடையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். நடுவில் இருப்பதை நடுப் பெட்டி என்றும், அதிலிருந்து நேரடியாகப் பிரிவதைக் கிளைப் பெட்டி என்றும், கடைசியில் தொங்குவதை நுனிப் பெட்டி என்றும் சொல்கிறேன். மெனுப் பெயர்கள் விண்டோஸ் பவர்பாயின்ட்டில் ஆங்கில இடைமுகத்தில் தெரிகிறபடி இருக்கும். பெட்டிகளை இணைத்து, அவற்றோடு சேர்ந்தே நகரும் கோட்டைக் கனெக்டர் என்பார்கள். கூகுள் ஸ்லைட்ஸிலும் லிப்ரேஆபிஸ் இம்ப்ரெஸிலும் இதே கனெக்டர் கோடுகள் உண்டு. மெனு இருக்கும் இடம்தான் மாறும்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. ஸ்லைடில் உள்ள அதே கிளைகளைப் பென்சிலால் ஒரு தாளில் வேகமாக வரைந்து பாருங்கள். தாளில் ஒழுங்காக வந்துவிட்டால் பிழை கோட்டிலோ பெட்டி அமைப்பிலோ இருக்கிறது. அது பத்து நிமிட வேலை. தாளிலும் சிக்கிக்கொண்டால் பாடத்தைப் பிரித்த விதமே தவறு. அதற்கு மௌஸால் வைத்தியம் கிடையாது. நேராக "கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

## பெட்டியை நகர்த்தினால் கோடு கூட வருவதில்லை

அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். கோடு பெட்டியைத் தொட்டபடி இருப்பது வேறு, பெட்டியோடு ஒட்டியிருப்பது வேறு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

கண்டுபிடிப்பது எளிது. கோட்டின் மீது ஒரு முறை சொடுக்குங்கள். இரண்டு முனைகளிலும் சிறு வட்டம் தெரியும். வட்டம் பச்சையாக இருந்தால் அந்த முனை ஒட்டியிருக்கிறது. வெள்ளையாக இருந்தால் சும்மா பக்கத்தில் நிற்கிறது. ஒரு முனை பச்சை, மறு முனை வெள்ளை என்பதும் அடிக்கடி நடக்கும். நடுப் பெட்டியில் கவனமாக ஆரம்பித்துவிட்டு, மறுபக்கம் பெட்டியின் ஓரத்தில் எங்கோ விட்டிருப்பீர்கள்.

வெள்ளை முனையை இழுத்துப் பெட்டியின் மேல் கொண்டுபோங்கள். பெட்டியின் ஓரங்களில் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றும். அந்தப் புள்ளி ஒன்றின் மேல் விட்டால்தான் ஒட்டும். செவ்வகத்துக்கு நான்கு பக்கமும் நடுவில் ஒன்றாக நான்கு புள்ளிகள், நீள்வட்டத்துக்கு எட்டு. புள்ளி இல்லாத இடத்தில் விட்டால், ஓரத்தைத் தொட்டிருந்தாலும் ஒட்டாது.

புள்ளியே தோன்றவில்லை, எப்படி இழுத்தாலும் பச்சையாக மாறவில்லை என்றால் நீங்கள் வரைந்தது கனெக்டரே அல்ல. `Insert > Shapes` பட்டியலில் `Lines` வரிசையின் கடைசியில் `Curve`, `Freeform`, `Scribble` என்று மூன்று உண்டு. வளைந்த கிளை வேண்டுமே என்று பலரும் `Curve` என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள், பெயர் அப்படி அழைக்கிறது. ஆனால் அந்த மூன்றும் வெறும் ஓவியக் கோடுகள். எந்தப் பெட்டியோடும் ஒட்டாது. அவற்றைச் சரிசெய்ய வழியில்லை, அழித்துவிட்டு அதே வரிசையில் உள்ள `Connector: Curved` கோட்டால் மறுபடி வரைய வேண்டும்.

மறுபடி வரைவதென்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் மெனுவுக்குப் போய்வர வேண்டாம். பட்டியலில் அந்தக் கனெக்டரின் மேல் வலது சொடுக்கி `Lock Drawing Mode` கொடுங்கள். `Esc` அழுத்தும் வரை கோட்டுக்கு மேல் கோடு வரைந்துகொண்டே போகலாம். அதற்கும் முன், முதல் கோட்டுக்கு நிறமும் தடிமனும் கொடுத்து, அதன்மேல் வலது சொடுக்கி `Set as Default Line` என்று வைத்துவிட்டால் மற்றவை அதே உருவில் வரும். நடுவிலிருந்து கிளைக்கு 3 புள்ளி தடிமன், கிளையிலிருந்து நுனிக்கு ஒன்றரைப் புள்ளி என்பது என் வழக்கம். தடிமன் வேறுபாடு எது பெரியது எது சிறியது என்பதைச் சொல்லிவிடுவதால் நிறத்தை அதற்காகச் செலவழிக்க வேண்டியதில்லை.

இரண்டு சின்ன விஷயங்கள். பெட்டியையும் கோட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் ஒட்டு அப்படியே வரும். கோட்டை மட்டும் நகலெடுத்தால் நகல் கழன்றுதான் இருக்கும். அதுபோல ஒரு பெட்டியின் வடிவம் பிடிக்கவில்லை என்று அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் அதில் இருந்த எல்லாக் கோடுகளும் அனாதையாகிவிடும். அழிக்காமல் `Shape Format > Edit Shape > Change Shape` வழியாக வடிவத்தை மட்டும் மாற்றுங்கள்.

## கோடு ஒட்டியிருக்கிறது, ஆனால் கோணல்மாணலாக வளைகிறது

வளைந்த கனெக்டர் தன் விருப்பத்துக்கு வளைவதில்லை. எந்தப் புள்ளியில் ஒட்டுகிறீர்களோ அந்தப் புள்ளி பார்க்கும் திசையில்தான் கிளம்பும். பெட்டியின் மேற்புறப் புள்ளியில் ஒட்டினால் முதலில் மேலே எழும்பி, அப்புறம்தான் திரும்பும். வலது பக்கம் உள்ள கிளைப் பெட்டிக்கு அதன் வலது புள்ளியில் போய் ஒட்டினால், கோடு பெட்டியையே சுற்றிக்கொண்டு பின்னாலிருந்து வந்து சேரும்.

ஆகவே விதி ஒன்றுதான்: வலது பக்கக் கிளைகளுக்கு, நடுப் பெட்டியின் வலது புள்ளியிலிருந்து கிளையின் இடது புள்ளிக்கு. இடது பக்கத்துக்கு இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். கிளையிலிருந்து நுனிக்கும் இதே ஒழுங்கு.

நடுப் பெட்டி நீள்வட்டமாக இருந்தால் அதன் எட்டுப் புள்ளிகளையும் பயன்படுத்தத் தோன்றும். பக்கத்துக்கு மூன்று கிளை, மூன்று புள்ளி, கணக்கு அழகாகப் பொருந்துகிறதே என்று நினைப்போம். செய்து பார்த்தால் இடமும் வலமும் ஒரே மாதிரி வராது. மூலைவிட்டப் புள்ளிகளில் சில பக்கவாட்டிலும் சில மேலோ கீழோ நோக்கியும் கோட்டை அனுப்புகின்றன, அதனால் ஒரு பக்கம் நளினமாகவும் மறுபக்கம் கொக்கி போலவும் ஆகிவிடும். பக்கத்துக்கு ஒரே புள்ளியிலிருந்து மூன்று கோடுகளையும் கிளப்புவதே நல்லது. ஒரே புள்ளியில் எத்தனை கோடு வேண்டுமானாலும் ஒட்டலாம். விசிறி மாதிரி விரிந்து சீராக வரும்.

பெட்டிகளை நிறைய இடம் மாற்றிய பிறகு எல்லாக் கோடுகளும் பின்னிக்கிடந்தால், கோட்டின் மேல் வலது சொடுக்கி `Reroute Connectors` கொடுக்கலாம். அது இரண்டு பெட்டிகளுக்கும் இடையே குறுகிய வழியைத் தேடி ஒட்டுப் புள்ளிகளை மாற்றிவிடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் கொடுக்காதீர்கள். குறுகிய வழி என்பது அதற்கு மேற்புறப் புள்ளியாகவும் இருக்கலாம். அப்படி ஆனால் மேலே சொன்ன விதி உடையும். ஒன்றிரண்டு கோட்டுக்கு அது உதவும், முழு வரைபடத்துக்கும் கையால் ஒட்டுவதே விரைவு.

கிட்டத்தட்ட நேராக இருக்க வேண்டிய கோட்டில் நடுவில் ஒரு சிறு மடிப்பு தெரிகிறதா? இரண்டு பெட்டிகளும் ஒரே உயரத்தில் இல்லை என்று பொருள். இரண்டையும் தேர்ந்தெடுத்து `Align Middle` கொடுத்தால் மடிப்பு போய்விடும்.

## இடம் போதவில்லை, ஒரு பக்கம் குவிகிறது

புதிய ஸ்லைடின் அளவு வழக்கமாக 13.33 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம். அகலம் தாராளம், உயரம்தான் கஞ்சம். கடிகார முள்களைப் போல நாலா திசையிலும் கிளை விட்டால், மேலும் கீழும் போகும் கிளைகளுக்கு நுனிப் பெட்டி வைக்கவே இடமிருக்காது. எழுத்து கிடைமட்டமாக ஓடுவதால் பக்கவாட்டில் விரிவதுதான் ஸ்லைடுக்கு ஒத்துவரும். மேலேயும் கீழேயும் கிளை வைக்காதீர்கள். இடம், வலம் இரண்டு பக்கம் போதும்.

இன்னொன்று, ஸ்லைடின் மேலே தனியாகத் தலைப்புப் பெட்டி இருந்தால் அதற்கே ஒரு அங்குலத்துக்கு மேல் போய்விடும். நடுப் பெட்டியே தலைப்பு என்பதால் அது இரட்டிப்பு. `Home > Layout > Blank` கொடுத்துவிடுங்கள்.

அகலத்தைப் பங்கிடுவோம். நடுப் பெட்டிக்கு 2.4 அங்குலம். மீதியை இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ 5.4. ஓரத்தில் 0.4 விட்டுவிட்டால் 5 அங்குலம் கையில் இருக்கும். அதில் வளைவுக்கு 0.6, கிளைப் பெட்டிக்கு 1.8, அடுத்த வளைவுக்கு 0.5, நுனிப் பெட்டிக்கு 2.1. இதற்கு மேல் மூன்றாம் நிலை வைக்க ஆசைப்பட்டால் எழுத்தைச் சுருக்க வேண்டிவரும். நடு, கிளை, நுனி என்ற அளவோடு நிறுத்துவதே மேல்.

உயரத்தைப் பங்கிடும்போது கிளைகளை எண்ணாதீர்கள், நுனிகளை எண்ணுங்கள். இதில்தான் வரைபடம் ஒரு பக்கம் சாய்கிறது. பக்கத்துக்கு மூன்று கிளை என்று சமமாகப் பிரித்திருப்பார்கள், ஆனால் வலது பக்க மூன்று கிளைகளுக்கும் சேர்த்துப் பதினான்கு நுனி, இடது பக்கம் நான்கே நுனி. மேலும் கீழும் ஓரம் விட்டால் 6.7 அங்குலம் மிஞ்சும். பக்கத்துக்குப் பத்து நுனி என்றால் ஒன்றுக்கு 0.67 அங்குலம் கிடைக்கும். 18 புள்ளி எழுத்தில் ஒரு வரி வசதியாக நிற்க அது போதும். தமிழில் மேலே இகர விலங்கும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் வருவதால் வரி உயரம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். பத்தைத் தாண்டினால் ஒரு கிளையை மறுபக்கம் மாற்றுங்கள், அல்லது அந்தக் கிளையைத் தனி ஸ்லைடாக்கி அதையே அங்கே நடுப் பெட்டியாக வையுங்கள்.

இடைவெளியைக் கண்ணால் அளக்க வேண்டாம். முதல் நுனிப் பெட்டியை மேலேயும் கடைசிப் பெட்டியைக் கீழேயும் வைத்து, ஒரு பக்க நுனிகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Align Left`, அப்புறம் `Distribute Vertically`. முதலில் `Align` மெனுவில் `Align Selected Objects` தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். `Align to Slide` என்று இருந்தால் அத்தனை பெட்டியும் ஸ்லைடின் இடது ஓரத்துக்கு ஓடிவிடும். நுனிகள் அமைந்த பிறகு, ஒவ்வொரு கிளைப் பெட்டியையும் அதன் நுனிகளின் நடு உயரத்துக்கு நகர்த்துங்கள். கோடுகள் ஒட்டியிருந்தால் தாமாகக் கூடவே வரும். முதல் பகுதியில் பட்ட பாடு இங்கேதான் பலன் தரும்.

## சொல் பாதியில் உடைகிறது, எழுத்து ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு அளவு

"பசுங்கணிகம்" என்று எழுதினால் "பசுங்கணிக" ஒரு வரியிலும் "ம்" அடுத்த வரியிலுமாக விழுகிறது. சொல் பெட்டியின் அகலத்தைவிட நீளமாக இருந்தால் மென்பொருள் எங்கே வேண்டுமானாலும் உடைத்துவிடும். எழுத்தளவைக் குறைக்க வேண்டாம். பெட்டிக்குள் இடமும் வலமும் 0.1 அங்குலம் ஓரம் தானாகவே விடப்பட்டிருக்கும். `Format Shape` பலகையில் `Text Box` பகுதிக்குப் போய் அதை 0.03 ஆக்கினாலே பல சொற்கள் அடங்கிவிடும். அதுவும் போதாவிட்டால் `Wrap text in shape` குறியை எடுத்துவிட்டுப் பெட்டியைக் கொஞ்சம் அகட்டுங்கள். கார்பன் டை ஆக்சைடு போன்ற நீளப் பெயர்களுக்கு ஸ்லைடில் `CO2` என்று வாய்பாடு எழுதுவது இடத்தையும் மிச்சப்படுத்தும், தேர்விலும் அதுதான் தேவைப்படும்.

அதே பலகையில் மூன்று தேர்வுகள் உண்டு. `Shrink text on overflow` இருந்தால் நீளமான குறிப்பு உள்ள பெட்டியில் எழுத்து தானாகச் சுருங்கும், பக்கத்துப் பெட்டியில் பெரிதாகவே இருக்கும். எழுத்தின் அளவு ஏன் கலந்துகட்டி வருகிறது என்பதற்கு விடை இதுதான். `Resize shape to fit text` இருந்தால் எழுத்துக்கேற்பப் பெட்டி நீளும், வரிசை கலையும். எல்லாப் பெட்டிகளையும் தேர்ந்தெடுத்து `Do not Autofit` வையுங்கள். அப்போது இடம் போதாத பெட்டி வழிந்து காட்டிக்கொடுக்கும், நீங்கள் குறிப்பைச் சுருக்கலாம்.

முழுப் படத்தையும் குழுவாக்கி மூலையைப் பிடித்துச் சிறிதாக்கினால் பெட்டிகள் சிறுக்கும், எழுத்து சிறுக்காது. அதனால் எல்லாம் வழியும். அளவு மாற்றினால் எழுத்தையும் தனியாக மாற்ற வேண்டும். நடுவில் 28, கிளையில் 22, நுனியில் 18 என்று வைத்துக்கொண்டு 18க்குக் கீழே போகாமல் இருந்தால் திரையில் காட்டும்போதும் பின்வரிசைக்குத் தெரியும்.

## கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன

இது வரைபடப் பிழை அல்ல, பெரும்பாலும் பகுப்புப் பிழை. மைண்ட் மேப் என்பது மரம். ஒவ்வொரு நுனிக்கும் ஒரே ஒரு கிளைதான் தாய். ஒரு நுனி இரண்டு கிளையோடும் சேர வேண்டும் என்று தோன்றும்போதுதான் குறுக்குக் கோடு பிறக்கிறது.

ஒளிச்சேர்க்கைக்கு முதல் முயற்சியில் வழக்கமாக வரும் கிளைகளைப் பாருங்கள்: ஒளி, நீர், இலை, பச்சையம், ஆக்சிஜன், குளுக்கோஸ், ஒளிவினை, கால்வின் சுழற்சி. பாடப் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்த சொற்களை அப்படியே எடுத்துப் போட்டது. இப்போது நீர் எங்கே சேரும்? ஒளிவினையில் நீர் பிளக்கப்படுகிறது, ஆகவே நீரிலிருந்து ஒளிவினைக்கு ஒரு கோடு. ஆக்சிஜன் அதிலிருந்துதான் வெளியேறுகிறது, இன்னொரு கோடு. பச்சையம் ஒளியை உறிஞ்சுகிறது, மற்றொன்று. எட்டுக் கிளைக்கு இடையில் ஆறு குறுக்குக் கோடு வந்துவிடும். பெட்டியை எங்கே நகர்த்தினாலும் தீராது.

கோளாறு எங்கே என்றால், இந்த எட்டும் ஒரே தரத்தில் இல்லை. சில பொருள்கள், சில நிகழ்வுகள், ஒன்று இடம். கிளை ஒவ்வொன்றையும் ஒரு கேள்வியாக மாற்றிப் பாருங்கள். கேள்விகள் தனித்தனியாக நின்றால் கிளைகளும் தனித்தனியாக நிற்கும். எங்கே நடக்கிறது? என்ன வேண்டும்? எது வேகத்தை மாற்றும்? முதல் கட்டத்தில் என்ன ஆகிறது? இரண்டாம் கட்டத்தில்? கடைசியில் என்ன கிடைக்கிறது? ஆறு கேள்வி, ஆறு கிளை.

இடது பக்கம் இப்படி அமையும். "எங்கே?" என்பதில் பசுங்கணிகம், தைலகாய்டு, ஸ்ட்ரோமா. "என்ன வேண்டும்?" என்பதில் ஒளி, நீர், `CO2`, பச்சையம். "எது வேகத்தை மாற்றும்?" என்பதில் ஒளியின் செறிவு, வெப்பநிலை, `CO2` அளவு. பத்து நுனி, மேலே போட்ட கணக்குக்குள் அடங்குகிறது.

வலது பக்கம், மேலே "ஒளிவினை". அதில் நீர் பிளப்பு, ஆக்சிஜன் வெளியேற்றம், கடைசி நுனியாக ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் உருவாதல். அதற்கு நேர் கீழே "கால்வின் சுழற்சி". அதன் முதல் நுனியாக ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் செலவாதல், பிறகு ரூபிஸ்கோ நொதி, மூன்று கார்பன் சர்க்கரை. அதற்கும் கீழே "என்ன கிடைக்கிறது?" என்பதில் குளுக்கோஸ், ஆக்சிஜன்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஆக்சிஜனும் `CO2`வும் இரண்டு இடங்களில் வருகின்றன. வரட்டும். ஒரு சொல்லை மறுபடி எழுதுவது, ஸ்லைடைக் குறுக்கே கிழிக்கும் ஒரு கோட்டைவிட நல்லது. ஆனால் ஒரு தொடர்பை மட்டும் கோடாகவே காட்டியாக வேண்டும்: ஒளிவினையில் உருவாகும் ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும்தான் கால்வின் சுழற்சியை ஓட்டுகின்றன. இந்தப் பாடத்தின் முதுகெலும்பே அது. அதற்காகத்தான் அந்த இரண்டு நுனிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி வரிசைப்படுத்தியது. மேல் நுனியின் வலது புள்ளியிலிருந்து கீழ் நுனியின் வலது புள்ளிக்கு ஒரு வளைந்த கனெக்டர் போட்டு, `Shape Outline > Dashes` வழியாக விட்டுவிட்டு வரும் கோடாக்கி, கீழ் முனைக்கு அம்புக்குறி வையுங்கள். அது வெளிப்புறமாகப் புடைத்து வரும், எந்தக் கோட்டையும் தொடாது. புடைப்பு ஸ்லைடைத் தாண்டினால் கோட்டின் மேல் தெரியும் மஞ்சள் கைப்பிடியை உள்ளே தள்ளுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் மூன்று நான்கு குறுக்குக் கோடு இல்லாமல் முடியாது என்றால், அந்தப் பாடம் மரமாகப் பிரிகிற பாடம் அல்ல. உணவு வலை, ஹார்மோன்களின் பின்னூட்டம் போன்றவை அப்படி. அங்கே 1970களில் ஜோசப் நோவாக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த கருத்து வரைபடம் பொருந்தும். அதில் ஒரு பெட்டிக்கு எத்தனை கோடு வேண்டுமானாலும் வரலாம், ஆனால் ஒவ்வொரு கோட்டின் மேலும் "தூண்டுகிறது", "தடுக்கிறது" என்று உறவை எழுதியாக வேண்டும். மைண்ட் மேப்பை வம்படியாக அதற்குள் திணிக்காமல் வகையையே மாற்றிவிடுங்கள்.

திட்டமிடுவதற்காக வரைகிறவர்களுக்கு இதே பிழை வேறு முகத்தில் வரும். "இதை முடித்தால்தான் அது" என்ற வரிசையைக் கோடாக்கப் பார்ப்பார்கள். மரத்துக்குக் காலவரிசை தெரியாது. வேலைகளைக் கிளை கிளையாகக் கொட்டுவதற்கு மைண்ட் மேப் நன்றாக உதவும். வரிசையைக் காட்ட நுனிகளில் எண் போடுங்கள், அல்லது கொட்டி முடித்ததும் ஒரு அட்டவணைக்கு மாற்றிவிடுங்கள்.

## ஸ்மார்ட்ஆர்ட்டில் தட்டினேன், பாதி எழுத்தைக் காணவில்லை

`Insert > SmartArt` பட்டியலில் `Basic Radial` எடுத்திருப்பீர்கள். அது நடுவில் ஒன்று, சுற்றிலும் ஒரு நிலை என்பதற்காக மட்டும் அமைந்தது. எழுத்துப் பலகையில் இரண்டாவது தலைப்பு வரி போட்டால் அதன் பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி வரும், படத்தில் வராது. நுனிகள் வேண்டாம், ஆறு கிளை மட்டும் போதும் என்றால் ஸ்மார்ட்ஆர்ட் சரி. நுனிகள் வேண்டுமென்றால் கனெக்டர்தான். `Convert to Shapes` கொடுத்து உடைத்தாலும், அதிலிருந்து வரும் கோடுகள் பெட்டியோடு ஒட்டிய கனெக்டர்களாக வரும் என்று நம்பி இறங்காதீர்கள்.

## படம் அழகாக வந்தது, மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லை

வரையும்போது மனம் நிறம், வளைவு, இடைவெளி என்றே போயிருக்கும். பாடம் உள்ளே இறங்கியிருக்காது. சோதிக்க ஒரு வழிதான்: மறைத்துவிட்டுச் சொல்லிப்பார்ப்பது. அதற்கேற்ற மாதிரி ஸ்லைடை அமைக்கலாம்.

இடது பக்கச் சிறுபடப் பட்டியலில் ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து `Ctrl+D` அழுத்தினால் நகல் வரும். நகலில் நடுப் பெட்டியையும் ஆறு கிளைப் பெட்டிகளையும் அப்படியே விட்டு, பதினெட்டு நுனிகளின் எழுத்தை மட்டும் அழித்துவிடுங்கள். பெட்டிகளும் கோடுகளும் இருக்கட்டும். `Do not Autofit` வைத்திருந்தால் காலிப் பெட்டி சுருங்காது. காலிப் பெட்டிகளின் எண்ணிக்கையே ஒரு குறிப்பு: "ஒளிவினையில் மூன்று, எனக்கு இரண்டுதான் வருகிறது" என்று தெரிந்துவிடும். விடைகளைத் தாளில் எழுதி, முதல் ஸ்லைடோடு ஒப்பிடுங்கள். தவறிய நுனிகளை மூல ஸ்லைடில் நிறம் மாற்றி வையுங்கள். நிறத்துக்கு உருப்படியான வேலை அதுதான். ஆறு கிளைக்கு ஆறு நிறம் பூசுவது கண்ணுக்கு நன்றாக இருக்கும், எது தெரியாது என்பதைச் சொல்லாது.

அடுத்த முறை கிளைப் பெட்டிகளின் எழுத்தையும் அழித்த இன்னொரு நகல். நடுவில் "ஒளிச்சேர்க்கை" மட்டும். இதிலிருந்து முழு மரத்தையும் எழுத முடிந்தால் பாடம் கைவசம்.

அழிக்க மனமில்லை என்றால் `Alt+F10` அழுத்தி `Selection` பலகையைத் திறந்து, நுனிகளின் பெயருக்கு எதிரே உள்ள கண் குறியைச் சொடுக்கி மறைக்கலாம். ஆனால் எல்லாம் `Rectangle 14`, `Rectangle 22` என்றே பெயர் தாங்கி நிற்கும். பெயர்மேல் இருமுறை சொடுக்கி "ஒளிவினை 1" என்று மாற்றி வைக்காவிட்டால் எதை மறைத்தோம் என்பதே தெரியாமல் போகும்.

நுனியில் எவ்வளவு எழுதலாம் என்பதும் இதோடு சேர்ந்தது. மைண்ட் மேப்பைப் பரப்பிய டோனி புசான் ஒரு கிளைக்கு ஒரு சொல் என்றார். தேர்வுத் தயாரிப்புக்கு அது சில இடங்களில் ரொம்பவும் இறுக்கம் என்பது என் எண்ணம். "நீர்" என்ற ஒற்றைச் சொல் ஒரு வாரம் கழித்து ஒன்றும் சொல்லாது, "நீர் பிளப்பு" என்றால் நிகழ்வு கண்முன் வரும். இரண்டு மூன்று சொல் வரை போகலாம். முழு வாக்கியமாகிவிட்டால் அது மைண்ட் மேப் இல்லை, சிதறிக்கிடக்கும் பத்தி.

## கிளை கிளையாகத் திறக்க வைத்தேன், அசைவு தொலைந்துவிட்டது

`Animations` மெனுவில் அசைவு கொடுத்த பிறகு குழுவாக்கினாலும், குழுவைப் பிரித்தாலும் அசைவு அழிந்துவிடும். முதலில் ஒரு கிளைப் பெட்டி, அதன் நுனிகள், அவற்றுக்கான கோடுகள் எல்லாவற்றையும் `Ctrl+G` அழுத்திக் குழுவாக்குங்கள், அப்புறம் `Wipe` கொடுங்கள். வலது பக்கக் குழுக்களுக்கு `From Left`, இடது பக்கத்துக்கு `From Right`. நடுவிலிருந்து வெளியே விரிவது போல வரும்.

## வேறு கணினியில் எழுத்து கலைந்து கிடக்கிறது

பெட்டிக்குள் தமிழுக்குப் பதில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால், பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது படிக்க வராது. யூனிகோடுக்கு மாற்றி, `Nirmala UI` அல்லது `Latha` வையுங்கள். தமிழ் தெரிகிறது, ஆனால் சொற்கள் பெட்டியைத் தாண்டுகின்றன என்றால் எழுத்துரு வேறொன்றாக மாற்றப்பட்டிருக்கிறது. `File > Options > Save` பக்கத்தில் `Embed fonts in the file` குறியிட்டுச் சேமியுங்கள். வெறும் காட்டுவதற்கு மட்டும் என்றால் `PDF` ஆக்கிக் கொண்டுபோவது சிக்கலற்றது, அசைவு மட்டும் இருக்காது.

கறுப்புவெள்ளையில் அச்சிட்டபோது கிளைகள் மங்கிவிட்டால், `View > Grayscale` வைத்து அச்சிடும் முன்பே பாருங்கள். வெளிர்மஞ்சள் கோடுகளும், அடர்நிறப் பெட்டிக்குள் இருக்கும் அடர்நிற எழுத்தும் அங்கேயே தெரிந்துவிடும். அந்தப் பெட்டிகளின் நிரப்பை வெள்ளையாக்கி, ஓரக்கோட்டை மட்டும் தடிமனாக்கினால் வேலை முடிந்தது.